வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கோடும் மஞ்சள் கறையும், கறுப்புக் கோட்டில் பஞ்சு: ஞாயிறுக்குள் பிரிண்ட் போக வேண்டும்

பிறைப்பையன் · திங்கள், இரவு 10.15

பினாங்கு, பிறையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். முதலாளி ஊரில் இல்லை, படத்தை நான்தான் முடித்துக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை ஓர் ஐயாவைப் படம் எடுத்தேன். அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் வைக்க 20க்கு 30 அங்குலத்தில் கேன்வாஸ் கேட்டிருக்கிறார்கள். இடுப்புக்கு மேல், கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, டை இல்லை. முகம் அருமையாக வந்திருக்கிறது. துணிதான் என்னைக் கொல்கிறது.

சட்டை அன்று காலைதான் பாக்கெட்டிலிருந்து பிரித்தது. அட்டை வைத்து மடித்த கோடு நெஞ்சுக்குக் குறுக்கே போகிறது, கத்தி வைத்துக் கீறியது போல. கறுப்புக் கோட்டை யாரோ வெள்ளைத் துண்டால் துடைத்திருக்கிறார்கள், தோளெல்லாம் பஞ்சு. இதெல்லாம் போதாதென்று, ஐயா வரும் வழியில் நாசி கண்டார் சாப்பிட்டிருக்கிறார். இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில் குழம்பு சிந்தி, கடைக் கழிவறையில் கை கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். மஞ்சள் வட்டம், அதன் நடுவே செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. கேமராவின் சின்னத் திரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. திட்ட வேண்டாம், ஏற்கெனவே என்னை நானே திட்டிக்கொண்டாகிவிட்டது.

போட்டோஷாப்பில் படத்தை இழை லேயர், நிற லேயர் என்று இரண்டாகப் பிரித்தேன், ரேடியஸ் 10. நிற லேயரில் சட்டை முழுவதையும் லாஸோவால் சுற்றி `Gaussian Blur` 60 கொடுத்தேன். இப்போது சட்டை காற்றடைத்த பலூன் மாதிரி இருக்கிறது. கோட்டின் கறுப்பு சட்டையோரத்தில் கசிந்து சாம்பல் விளிம்பு வந்துவிட்டது. அந்த மடிப்புக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது! 24 மெகாபிக்சல், ரா ஃபைல் இருக்கிறது.

வேகமா முடி · திங்கள், இரவு 10.40

தம்பி, ரேடியஸ் 10 சரிதான், நான் எல்லாப் படத்துக்கும் அதைத்தான் வைப்பேன். ப்ளர் ஒரு தடவை போதாவிட்டால் இரண்டு தடவை கொடுங்கள். கோட்டுக்கு `Dust & Scratches`, ரேடியஸ் 5, கோட் முழுவதையும் தேர்வு செய்து ஓகே தட்டினால் பஞ்சு பறந்துவிடும். கறைக்கு ஸ்பாஞ்ச் டூலால் நிறத்தை உறிஞ்சி எடுங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்நூறு படம் கொடுக்கிறோம், ஒவ்வொரு சட்டைக்கும் உட்கார்ந்து அழ முடியுமா?

மல்லிகைக் கொல்லை · செவ்வாய், காலை 6.20

மஞ்சள் கறைக்குச் சோப்பே போடக் கூடாது தம்பி. சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்து போகும், குங்குமம் செய்வதுகூட மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே. முதலில் நிறையப் பச்சைத் தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் சிவப்பு திரும்பவும் மஞ்சளாகும். அப்புறம் ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளுக்கு வெயில்தான் எமன். இரண்டு மூன்று மத்தியானத்தில் வெளுத்துவிடும். இஸ்திரி மட்டும் அதுவரை போட்டுவிடாதீர்கள்.

பிறைப்பையன் · செவ்வாய், மதியம் 1.05

அக்கா, கறையைப் படத்தில்தான் எடுக்க வேண்டும், சட்டை ஐயாவிடமே இருக்கிறது. ஆனாலும் இதை அவர் மகளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

வேகமா முடி அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டையும் செய்து பார்த்தேன். பஞ்சு போனது உண்மை. கூடவே கோட்டின் நெசவும் போய், ரப்பர் கோட் மாதிரி ஆகிவிட்டது, பட்டன் ஓட்டையின் தையல்கூட அழிந்துபோயிற்று. ஸ்பாஞ்ச் போட்ட இடத்தில் மஞ்சள் போய்ச் சாம்பல் திட்டு உட்கார்ந்திருக்கிறது. மழையில் நனைந்த சுவர் போல.

பழைய பிலிம் · செவ்வாய், இரவு 9.30

ஜார்ஜ் டவுனில் முப்பது வருடம் இருட்டறையிலும் அதற்குப் பிறகு கணினியிலும் டச்சிங் செய்தவன். அந்தக் காலத்தில் பிரிண்டில் விழுந்த வெள்ளைப் புள்ளியை மூன்று முடி உள்ள பிரஷ்ஷில் மை தொட்டு நிரப்புவோம். பஞ்சும் அதே வேலைதான் தம்பி, புள்ளி புள்ளியாகத்தான் போக வேண்டும். முழுக் கோட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பஞ்சை முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பஞ்சு இருக்கும்போதே ப்ளர் கொடுத்தால் ஒவ்வொரு பஞ்சும் ஊதிப்போய் மங்கலான வெள்ளைத் திட்டாகிவிடும், பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

படத்தை நகல் லேயராக எடுத்து, அதன் மேல் க்ளோன் ஸ்டாம்பை எடுத்து, மேலே டூலின் `Mode` என்ற இடத்தில் `Darken` வையுங்கள், `Sample` என்பதில் `Current & Below`. இப்போது பக்கத்துத் துணியை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்தால், அதைவிட வெளிச்சமாக இருக்கும் பிக்சல் மட்டும்தான் மாறும். ஏற்கெனவே இருட்டாக உள்ள நெசவைத் தொடாது. அதனால் பஞ்சு போகும், துணி நிற்கும். பிரஷ் பஞ்சைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கலாம். ட்வில் துணி என்றால் சாய்வுக் கோடு ஓடும், அந்தச் சாய்விலேயே தள்ளி மூலத்தை எடுங்கள், குறுக்கே எடுத்தால் நெசவு முறிந்து தெரியும். காலர் மடிப்பின் ஓரத்தில் ஹீலிங் பிரஷ் பக்கமே போகாதீர்கள். அது சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துகொள்ளப் பார்க்கும், சட்டையின் வெள்ளை கறுப்பில் ஏறிவிடும். ஓரத்தில் எப்போதும் க்ளோன்தான்.

எல்லாப் பஞ்சையும் எடுக்க வேண்டாம். 6000 பிக்சல் உயரம், 30 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 200 பிக்சல். நான்கு பிக்சல் பஞ்சு கேன்வாஸில் அரை மில்லிமீட்டர். அதற்குக் குறைந்ததைக் கேன்வாஸின் சொரசொரப்பே தின்றுவிடும்.

`Dust & Scratches` கெட்டது என்று சொல்ல மாட்டேன். நகல் லேயரில் அதைப் போட்டு, லேயரையே `Darken` ஆக்கி, கறுப்பு மாஸ்க்கில் மறைத்துவிட்டு, பஞ்சு நெருக்கமாக உள்ள தோள்பட்டையில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் திறக்கலாம். அதிகமாகத் திறந்தால் நெசவின் வெளிச்ச நூலும் சேர்ந்து அமுங்கிவிடும், அங்கேதான் ரப்பர் வருகிறது.

கறைக்கு நாளை வருகிறேன். அதற்குள் ஒன்று செய்யுங்கள். சேனல் பேனலைத் திறந்து Red, Green, Blue மூன்றையும் தனித்தனியே பாருங்கள். கறை எதில் எப்படித் தெரிகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். சுத்தமான துணியிலும் கறையிலும் இன்ஃபோ பேனல் காட்டும் எண்களையும் எழுதுங்கள்.

செந்தூல் கிளிக் · செவ்வாய், இரவு 11.10

நான் கிம்ப் ஆள். இதே வேலைக்கு அதில் `Wavelet-decompose` இருக்கிறது, படத்தை ஒரே தட்டில் ஐந்து அடுக்காகவும் மிச்சமாகவும் பிரித்துக் கொடுக்கும். ஆனால் என் கதை வேறு. அண்ணன் பட்டமளிப்புக்கு பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். சுருக்கம் எடுக்கப் போய், பூவெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி ஆகிவிட்டது. பாத்தேக்குக்கு என்ன ரேடியஸ் வைக்க வேண்டும்?

பழைய பிலிம் · செவ்வாய், இரவு 11.25

பாத்தேக்குக்கு எந்த ரேடியஸும் இல்லை. பூவும் ஒரு நிழல்தான், சுருக்கமும் ஒரு நிழல்தான், பிரிக்கிற கருவிக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அந்தச் சட்டையில் சுருக்கத்தை விட்டுவிடுங்கள், அந்தப் பூக்களுக்கு நடுவே யார் கண்ணுக்கும் தெரியாது.

பிறைப்பையன் · புதன், மதியம் 12.50

பஞ்சு முடிந்தது. `Darken` வைத்துக் க்ளோன் செய்தேன், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கோட் கோட்டாகவே இருக்கிறது, நன்றி சார்.

சேனல் பார்த்து ஆடிப்போனேன். Blue சேனலில் கறை கறுப்புக் காசு மாதிரி இருக்கிறது, நான் கண்ணால் பார்த்ததைவிடப் பெரிது. காலர் பக்கம் தெறித்த இரண்டு துளியும் அதில்தான் தெரிந்தது. Green சேனலில் லேசாகத் தெரிகிறது, நடுத்திட்டு மட்டும் கொஞ்சம் அழுத்தமாக. Red சேனலில் கறையே இல்லை! உற்றுப் பார்த்தால் நடுவில் மட்டும் மெல்லிய நிழல்.

எண்கள்: கறைக்குப் பக்கத்தில் சுத்தமான துணி R 221, G 222, B 226. மஞ்சள் வட்டத்தில் R 217, G 205, B 148.

பழைய பிலிம் · புதன், இரவு 8.45

அப்படியானால் வேலை பாதி முடிந்தது.

மஞ்சள் என்ன செய்கிறது? நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பைப் போக விடுகிறது. அதனால் Blue சேனலில் உள்ள துணி செத்துப்போயிற்று, Red சேனலில் உள்ள துணி நெசவோடு உயிரோடு இருக்கிறது. நீங்கள் ஸ்பாஞ்ச் வைத்து நிறத்தை எடுத்தபோது செத்ததையும் உயிரோடு இருப்பதையும் சராசரி பார்த்துச் சாம்பல் ஆக்கினீர்கள். அதுதான் நனைந்த சுவர். உயிரோடு இருப்பதை மட்டும் எடுத்து மற்ற இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

வெள்ளைச் சட்டையில் மூன்று சேனலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் இது நடக்கும். `Channel Mixer` அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போடுங்கள். `Monochrome` டிக் இருக்கக் கூடாது. Red அப்படியே இருக்கட்டும். மற்ற இரண்டும் இப்படி:

```
Output Channel: Green   Red 100   Green 0   Blue 0
Output Channel: Blue    Red 102   Green 0   Blue 0
```

102 எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் சுத்தமான துணியில் B 226, R 221. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.02. உங்கள் சட்டை நிழலில் லேசாக நீலம் அடிக்கிறது, பல வெள்ளைச் சட்டைகள் அப்படித்தான். 100 வைத்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் பழுப்பாகத் தெரியும். G 222 என்பதற்கு 100 போதும்.

இப்போது மாஸ்க்கைக் கறுப்பாக்கி, கறை உள்ள இடத்தில் மட்டும் மெத்தென்ற வெள்ளை பிரஷ்ஷால் திறங்கள். தெறித்த துளிகளையும் மறக்காதீர்கள். வட்டத்தில் R 217, G 217, B 221 வர வேண்டும். சுத்தமான துணியைவிட நான்கைந்து புள்ளி இருட்டு, அவ்வளவுதான். அதற்கு ஒரு `Curves` லேயரைத் துளி மேலே தூக்கி, அதே மாஸ்க்கை நகலெடுத்து வைத்தால் சரியாகிவிடும். செங்கல் நிறத் திட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டு மிஞ்சும். மல்லிகைக் கொல்லை அம்மா சொன்ன சோப்புச் சிவப்பு அது. சிவந்த மஞ்சள் பச்சை வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கும், அதனால்தான் Green சேனலில் நடு மட்டும் அழுத்தமாகத் தெரிந்தது. அங்கே மட்டும் `Curves` லேயரை இன்னொரு முறை தடவுங்கள்.

மாஸ்க் பட்டன் மேலோ தோல் மேலோ ஏறிவிடாமல் பாருங்கள், தோல் பட்டால் ஐயாவின் கழுத்து சிமெண்ட் நிறமாகிவிடும். நீலச் சட்டை, ரோஸ் சட்டைக்கு இந்த எண்கள் உதவாது. அங்கே `Color` மோடில் காலி லேயர் போட்டுப் பக்கத்துத் துணி நிறத்தைப் பூசி, இருட்டை அப்புறம் தூக்க வேண்டும், வேலை அதிகம், பலன் குறைவு.

இன்னொரு கேள்வி. நிற லேயருக்கு 10 வைத்தீர்களே, நெசவு எந்த ரேடியஸில் மறைந்தது?

பிறைப்பையன் · வியாழன், காலை 8.10

கறை போய்விட்டது சார். நெசவுகூட அப்படியே இருக்கிறது. ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ரேடியஸை ஒன்றிலிருந்து மெல்ல ஏற்றிப் பார்த்தேன். 4 வரும்போது நெசவு மறைந்துவிட்டது. 10 எதற்கு வைத்தேன் என்றால், ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

வேகமா முடி · வியாழன், காலை 9.00

சேனல் விஷயம் எனக்கும் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 10ல் தப்பில்லை. தோலுக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பழைய பிலிம் · வியாழன், இரவு 9.15

தோலுக்குச் சரியாக இருக்கலாம், அதுவும் முகம் சட்டத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே துணி.

மடிப்புக் கோடு என்பது ஒன்றல்ல, இரண்டு. நடுவில் மெல்லிய கீறல். அதற்கு மேலும் கீழும் அகலமாக ஒரு வெளிச்சப் பட்டை, ஓர் இருட்டுப் பட்டை, ஏனென்றால் துணி அங்கே கூரை போல இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கிறது. ரேடியஸ் 10 வைத்தபோது கீறல் மொத்தமும், பட்டையில் ஒரு பகுதியும் இழை லேயருக்குப் போய்விட்டன. நீங்கள் நிற லேயரை எத்தனை முறை ப்ளர் செய்தாலும் கோடு அங்கே இல்லவே இல்லை, மாடியில் இருக்கிறவனைக் கீழ்வீட்டில் தேடின கதை. ஆகவே நெசவு மறைகிற இடத்திலேயே நிறுத்துங்கள், 4. அப்போது இழை லேயரில் நெசவும் மெல்லிய கீறலும்தான் இருக்கும், பட்டை இரண்டும் கீழே இறங்கிவிடும்.

கீறலுக்கு: இழை லேயரில் க்ளோன் ஸ்டாம்ப், இந்த முறை மோட் `Normal`, `Sample` என்பது `Current Layer`. மடிப்புக் கோட்டுக்கு நேர் மேலே உள்ள நல்ல நெசவை எடுத்து நூல் வரிசை பிசகாமல் கீழே வையுங்கள். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் மீன் செதில் மாதிரி ஒரே அச்சு வரிசையாகத் தெரியும், இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

பட்டைக்கு நான் ப்ளரைத் தொடவே மாட்டேன். தேர்வுக்குள் ப்ளர் கொடுத்தாலும் அது தேர்வுக்கு வெளியே உள்ள நிறத்தையும் இழுத்துக்கொள்ளும். உங்கள் சாம்பல் விளிம்பு அப்படித்தான் வந்தது. இரண்டு `Curves` லேயர் போடுங்கள், ஒன்று நடுவில் சற்றுத் தூக்கியது, மற்றொன்று சற்று இறக்கியது. இரண்டையும் `Luminosity` மோடில் வைத்தால் நிறம் மாறாது. இரண்டுக்கும் கறுப்பு மாஸ்க். மெத்தென்ற வெள்ளை பிரஷ், `Flow` 3, அளவு அந்தப் பட்டையின் அகலம். இருட்டுப் பட்டையைத் தூக்கும் லேயரிலும், வெளிச்சப் பட்டையை இறக்கும் லேயரிலும் தடவுங்கள். முதல் பத்துத் தடவலில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். கையை நிறுத்தாதீர்கள், `Flow` எண்ணையும் ஏற்றாதீர்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு `Curves` போட்டு கான்ட்ராஸ்ட்டைச் செங்குத்தாக ஏற்றுங்கள். சட்டை அசிங்கமாகத் தெரியும், ஆனால் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று மூலை முடுக்கெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்துவிட்டு அந்த லேயரை அணைத்துவிடுங்கள். அது எரியும்போதே வேலை செய்தால் இல்லாத குறையெல்லாம் கண்ணில் படும், விடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். சட்டையில் மிக வெளிச்சமான இடத்தின் எண் என்ன? 255 என்றால் அங்கே துணியே பதிவாகவில்லை, ரா ஃபைலில் ஹைலைட்டைக் குறைத்துத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

பிறைப்பையன் · வியாழன், இரவு 9.50

காலர் முனையில் 247தான் அதிகம். தப்பித்தேன். சார், அப்படியானால் கைப்பக்கம், அக்குள் பக்கம் உள்ள மடிப்புகளையும் இப்படியே எடுத்துவிடலாமா?

ஊசிநூல் · வெள்ளி, காலை 7.30

மஸ்ஜித் இந்தியா பக்கம் கோட் தைக்கிறவன். போட்டோஷாப் எனக்குத் தெரியாது, துணி தெரியும். தம்பி கேட்டதற்காகச் சொல்கிறேன்.

மடிப்பில் இரண்டு சாதி. ஒன்று பாக்கெட்டிலும் அலமாரியிலும் கார் சீட்டிலும் வந்தது, அது நேர்க்கோடாக, உடம்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஓடும். அதைத் தாராளமாக எடுங்கள். மற்றொன்று உடம்பு போட்டது. அக்குளிலிருந்து நெஞ்சை நோக்கிச் சாய்ந்து வரும், முழங்கை உள்பக்கம் விசிறி போல விரியும். அதை எடுத்தால் உள்ளே கை இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குத்தான் முழங்கையில் மடிப்பு இருக்காது.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதில்தான் எங்களைப் போன்றவர்களின் மானம் போகிறது. கோட் பட்டனிலிருந்து இரண்டு பக்கமும் கோடு கோடாக இழுத்துக்கொண்டு நிற்கும். கோட் இறுக்கம் என்று அர்த்தம். அந்த இழுப்புக் கோடுகளை மட்டும் அழித்தால் போதாது, ஏனென்றால் கோட் துணியின் ஓரமே அங்கே உள்ளே வளைந்திருக்கும். கோடு இல்லாமல் வளைவு மட்டும் இருந்தால் கண் ஏதோ தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பாதி குறைத்துவிட்டு நிறுத்துவது மேல்.

அடுத்த முறை உட்கார வைத்து எடுத்தால் கோட் பட்டனைக் கழற்றச் சொல்லுங்கள், பாதித் தொல்லை அங்கேயே போகும்.

வேகமா முடி · வெள்ளி, காலை 10.20

அண்ணே, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. என் வாடிக்கையாளர்கள் அப்படியில்லை. கஞ்சி போட்ட மாதிரி நிற்க வேண்டும் என்கிறார்கள். அக்குள் மடிப்பை விட்டுக் கொடுத்த படம் எத்தனையோ திரும்பி வந்திருக்கிறது, "இதைக் கவனிக்கவில்லையா" என்று. காசு கொடுக்கிறவர் பொம்மை மாதிரி இருக்க ஆசைப்பட்டால் நான் என்ன செய்ய?

ஊசிநூல் · வெள்ளி, காலை 10.45

பொம்மையாகவே செய்து கொடுங்கள். கோட் யார் தைத்தது என்று யாராவது கேட்டால் மட்டும் என் கடையைச் சொல்லிவிடாதீர்கள்.

பழைய பிலிம் · வெள்ளி, மதியம் 2.00

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் உடம்பு போட்ட மடிப்பைப் பாதி குறைப்பேன், அழிக்க மாட்டேன். கேட்டால் இன்னும் கொஞ்சம் குறைப்பேன். வேலையை லேயரில் வைத்திருந்தால் `Opacity` குறைத்தும் கூட்டியும் காட்டலாமே.

மடிப்புக் கோட்டைப் பொறுத்தவரை இன்னொன்று. ஐயாவைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முகத்துக்கு அது அழகு, புதுச் சட்டைக்கு அது கூராய்வு. விளக்கைக் கேமரா பக்கம் ஓரடி நகர்த்தியிருந்தாலும், இல்லை இருட்டுப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை நிறுத்தியிருந்தாலும், இருட்டுப் பட்டை பாதியாகியிருக்கும்.

பிறைப்பையன் · வெள்ளி, இரவு 11.40

பக்கவாட்டுதான் சார். அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

கோடு போய்விட்டது. கீறலுக்கு இருபது நிமிடம், பட்டைக்கு இரண்டு மணி நேரம். கான்ட்ராஸ்ட் ஏற்றிப் பார்த்தபோது இடது பக்கம் நான் அதிகமாகத் தூக்கி ஒரு மேடு உண்டாக்கியிருந்தது தெரிந்தது, மாஸ்க்கில் கறுப்பால் குறைத்தேன். அக்குள் மடிப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். பொத்தான் பட்டியின் நிழலை என் பழைய ப்ளர் தின்றிருந்தது, அதை மூலப் படத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்தேன். அந்த நிழல் வந்தவுடன்தான் சட்டை பலூனாக இல்லாமல் சட்டையாகத் தெரிந்தது.

நாளை காலை பிரிண்டுக்கு அனுப்புகிறேன்.

செந்தூல் கிளிக் · சனி, காலை 9.10

என் அண்ணன் இப்போது கட்டம் போட்ட சட்டையில் ஒரு படம் கொண்டு வந்திருக்கிறான். கட்டம் கோணலாக வளைந்து நிற்கிறது. இதற்காவது வழி உண்டா?

பழைய பிலிம் · சனி, காலை 9.30

உண்டு, ஆனால் அது நிழல் பிரச்சினை இல்லை, வடிவப் பிரச்சினை. துணித் துண்டைத் தனி லேயராக வெட்டி `Warp` வைத்துக் கட்டத்தை நேராக்க வேண்டும். அதற்குத் தனிப் பதிவு தொடங்குங்கள். அண்ணனுக்கு ஒரு வெற்று வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்தாலும் சரி.

பிறைப்பையன் · திங்கள், இரவு 8.20

நேற்று மண்டபத்தில் படத்தை நேரில் பார்த்தேன். கோடு தெரியவில்லை, கறை தெரியவில்லை. தோள்பட்டையில் ஒரே ஒரு பஞ்சு இருந்தது, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். நான்கு நாள் உற்றுப் பார்த்த எனக்கு மட்டும் அது யானை மாதிரி தெரிந்தது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "வேறு சட்டையா போட்டீங்க?" என்று ஐயாவிடம் கேட்டார். ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை.

வேகமா முடி அண்ணன் சொன்னதும் நடந்தது. மருமகன் வந்து, அக்குளில் மடிப்பு இருக்கிறதே, எடுத்திருக்கலாமே என்றார்.

மல்லிகைக் கொல்லை · திங்கள், இரவு 9.05

நிஜச் சட்டை என்ன ஆயிற்று தம்பி?

பிறைப்பையன் · திங்கள், இரவு 9.20

நீங்கள் சொன்ன மாதிரி அலசி எலுமிச்சை விட்டதும் சிவப்பு மஞ்சளாகிவிட்டதாம் அக்கா. இரண்டு நாள் கொடியில் கிடந்தது, வட்டம் பாதி வெளுத்திருக்கிறது. மூன்றாம் நாள் மழை.